ஒரே ராத்திரியில் 245 சப்ஸ்கிரைபர் எங்கே போனார்கள்?

கேள்வி: அண்ணே, நானும் மனைவியும் இரண்டு வருடமாக யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறோம். சனிக்கிழமை ராத்திரி தூங்கப் போகும்போது 1,186 சப்ஸ்கிரைபர். ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் 941. வீடியோவுக்கு 150, 200 பார்வைதான் வரும். போன வாரம் மீன்தலைக் கறிக்குப் புளி போடாமல் தக்காளி போட்டோம், அதில் கோபித்துக்கொண்டு போய்விட்டார்களோ, மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போடலாமா என்கிறாள் மனைவி. விளம்பர வருமானத்துக்கு விண்ணப்பிக்க இருந்தோம். என்ன நடந்தது?

பதில்: அந்த மன்னிப்பு வீடியோவை மட்டும் போடாதீர்கள். மீன்தலைக் கறி மேல் தப்பில்லை.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு வீடியோவைப் பார்ப்பதே 200 பேர் என்றால், அதைப் பார்த்துக் கோபப்பட்டு 245 பேர் எப்படிப் போக முடியும்? பார்க்காதவருக்குக் கோபம் வராதே. நிஜ மனிதர்கள் ஒரு சேனலை விட்டுப் போவது ஒன்று இரண்டாகத்தான். ஒரு வீடியோ ரொம்பவே பிடிக்காமல் போனாலும், பார்க்கப் பார்க்கத்தான் போவார்கள், அது நாலைந்து நாள் இழுக்கும், போகிறவர்களில் ஒரு சிலராவது கருத்துப் பகுதியில் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவார்கள். ராத்திரி பதினொரு மணிக்கும் காலை ஏழு மணிக்கும் இடையில் சத்தமில்லாமல் 245 குறைகிறது என்றால், அந்தக் கணக்குகளை யாரோ மொத்தமாக எடுத்திருக்கிறார்கள். எடுத்தது யூடியூப்.

யூடியூப் இரண்டு வகைக் கணக்குகளை எண்ணிக்கையிலிருந்து கழிக்கிறது. ஒன்று மூடப்பட்ட கணக்கு: வைத்திருந்தவரே மூடியிருக்கலாம், விதியை மீறியதால் யூடியூப் மூடியிருக்கலாம். இன்னொன்று ஸ்பாம், அதாவது ஆளே இல்லாமல் எண்ணிக்கையை ஏற்றுவதற்காக உண்டாக்கிய கணக்குகள். இந்தச் சுத்தம் செய்யும் வேலை எப்போதும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. காலாண்டுக்குப் பல லட்சக்கணக்கில் சேனல்கள் நீக்கப்படுகின்றன, அவற்றில் பெரும்பகுதி ஸ்பாம். 2018 டிசம்பரில் வழக்கத்தைவிடப் பெரிய சுத்தம் ஒன்று நடந்தது. அதுவரை ஸ்பாம் சரியாக நீங்காமல் இருந்த ஒரு கோளாறைச் சரிசெய்துவிட்டோம், எண்ணிக்கை குறையும் என்று யூடியூபே முன்கூட்டி அறிவித்தது. அறிவிப்பைப் பார்க்காதவர்கள் அன்றைக்கும் உங்களைப் போலத்தான் தலையில் கை வைத்தார்கள்.

ஏன் ஒரே நாளில் மொத்தமாகப் போகிறது என்றால், போலிக் கணக்குகள் தனித்தனியாகப் பிறப்பதில்லை. விற்கிறவர் ஆயிரக்கணக்கில் ஒரே முறையில் உண்டாக்கி வைத்திருப்பார். அந்த ஒற்றுமை ஒருமுறை பிடிபட்டால் கூட்டமே மாட்டும். அதனால்தான் வாங்கின சப்ஸ்கிரைபர்கள் வாரக்கணக்கில் அசையாமல் இருந்துவிட்டு ஒரு விடியற்காலையில் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போகிறார்கள்.

சரி, "நாங்கள் யாரையும் காசு கொடுத்து வாங்கவில்லையே" என்பீர்கள். நம்புகிறேன். வாங்காத சேனலுக்கும் இது நடக்கும். போலிக் கணக்குகள் காசு கொடுத்த சேனலை மட்டும் தொடர்ந்தால் உடனே மாட்டிக்கொள்ளும், அதனால் நிஜ ஆளைப் போலத் தெரிய சம்பந்தமில்லாத சேனல்களையும் தொடரும். சமையல், பக்திப் பாடல், பயணம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அமுக்கிவிட்டுப் போகும். ஆனால் அப்படி ஒட்டிக்கொள்வது நூற்றுக்குச் சில என்ற அளவில் இருக்கும். உங்களுக்கோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கிறது. அதனால் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும்: "எங்கள் சேனலை சப்ஸ்கிரைப் செய்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள், 50 வெள்ளி வவுச்சர்" என்ற மாதிரி தீபாவளிக்கு ஏதாவது குலுக்கல் நடத்தினீர்களா? அல்லது "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" வகை வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறீர்களா? இங்கே சிங்கப்பூரில் சிறிய தமிழ்ச் சேனல்களுக்கு ஆள் சேர்வது பெரும்பாலும் இந்த இரண்டு வழியில்தான், இரண்டுமே யூடியூபின் விதிகளுக்கு எதிரானவை. குலுக்கல் நடத்தத் தடையில்லை, ஆனால் எண்ணிக்கையை ஏற்ற அதைப் பயன்படுத்தக் கூடாது. குலுக்கல் என்றால் ஒரே ஆள் ஒரே கைப்பேசியில் ஐந்தாறு ஜிமெயில் திறந்து ஐந்தாறு முறை கலந்துகொள்வார். குலுக்கல் முடிந்த மறுநாள் அந்தக் கணக்குகளை அவரே மறந்துவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் அவற்றுக்கும் போலிக் கணக்குக்கும் என்ன வித்தியாசம்?

ஊகத்தை நிறுத்திவிட்டு உங்கள் கணக்கிலேயே பார்த்துவிடலாம். கணினியில் YouTube Studio திறந்து Analytics போங்கள். சப்ஸ்கிரைபர் வரைபடத்தின் கீழே See more என்று இருக்கும், அதை அழுத்தினால் விரிவான அட்டவணை வரும். மேலே உள்ள பட்டியலில் Subscription source என்பதைத் தேர்ந்தெடுங்கள். யார் எந்த வழியாக வந்தார்கள், எந்த வழியாகப் போனார்கள் என்று வரிவரியாகப் பிரித்துக் காட்டும். அதில் Closed accounts என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் நிற்கும் கழித்தல் எண்தான் நீங்கள் தேடும் பதில். தேதியை அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு மட்டும் வைத்துப் பாருங்கள். ஒன்றை மறக்காதீர்கள், முகப்பில் தெரியும் நேரடி எண்ணிக்கை உடனே மாறும், இந்த அட்டவணை இரண்டு நாள் பின்னால் வரும். ஞாயிறு காலையே திறந்து பார்த்து "ஒன்றும் இல்லையே" என்று பயந்தவர்களை எனக்குத் தெரியும். புதன்கிழமை பாருங்கள்.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று ஒரு நிஜக் கணக்கை வைத்தே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் உதவி செய்துகொண்டிருந்த ஓர் அமைப்பின் சேனல் அது, பெயர் வேண்டாம். பட்டிமன்றம், பிள்ளைகள் கதை சொல்லும் போட்டி, அந்த மாதிரி வீடியோக்கள். 700 சொச்சத்தில் நின்றுவிட்டது, ஏறவே இல்லை. செயற்குழுவில் ஒருவர், நல்ல மனிதர்தான், தேக்காவில் கோப்பி குடித்துக்கொண்டே கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து 60 வெள்ளி கட்டிவிட்டார். "500 உண்மையான சப்ஸ்கிரைபர், 30 நாள் ரீஃபில் உத்தரவாதம்" என்று அதில் போட்டிருந்தது. எங்களிடம் சொல்லவில்லை. இரண்டு ராத்திரியில் 530 பேர் வந்து சேர்ந்தார்கள். காலையில் குழுவில் ஒரே வாழ்த்து மழை.

நான் அட்டவணையைத் திறந்தேன். அந்த இரண்டு நாளும் சேனலின் மொத்தப் பார்வை 38. முப்பத்தெட்டுப் பார்வைக்கு 530 சப்ஸ்கிரைபர்! நிஜ ஆட்கள் பெரும்பாலும் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதன் கீழே உள்ள பொத்தானை அமுக்கித்தான் சேருவார்கள், அதனால் வீடியோ பக்கம் என்ற வரியில்தான் அதிகம் இருக்கவேண்டும். இங்கே அந்த வரியில் மூன்று பேர். மற்றவர்கள் எந்த வீடியோவையும் திறக்கவே இல்லை. அன்றைக்கே தெரிந்துவிட்டது இது நிற்காது என்று. நண்பரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது ஒத்துக்கொண்டார்.

முதல் வாரத்தில் ஒரு 70 போனது. விற்றவரிடம் கேட்டதற்கு உத்தரவாதப்படி 70 புதிதாக அனுப்பினார், அதாவது போன போலிக்குப் பதில் இன்னொரு போலி. அப்புறம் இரண்டு மாதம் ஒன்றும் இல்லை, 30 நாள் உத்தரவாதமும் தீர்ந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் 290 குறைந்தது. வியாழக்கிழமை அட்டவணை வந்தபோது Closed accounts வரியில் கழித்தல் 283. வழக்கமான வழியில் விலகியவர்கள் 11, புதிதாகச் சேர்ந்தவர்கள் 4. கூட்டிக் கழித்தால் சரியாக 290. அந்தப் பதினொன்றுதான் எங்களை விட்டுப் போனவர்கள், அதுவும் எங்களுக்கு இயல்பான அளவைவிடக் கொஞ்சம்தான் கூட. மீதி 283-ஐ யாரும் இழக்கவில்லை, அவர்கள் என்றைக்குமே இல்லை.

உங்களுக்கும் இப்படித்தான் கணக்குப் போட வேண்டும். 245-இல் 200-க்கு மேல் அந்த ஒரே வரியில் இருந்தால் நடந்தது சுத்தம் செய்யும் வேலை, வீடியோவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அப்படியில்லாமல் அந்த வரியில் 20-தான் இருக்கிறது, மற்றதெல்லாம் சாதாரண வழிகளில் விலகியவர்கள் என்று வந்தால், அப்போதுதான் மீன்தலைக் கறியைப் பற்றிப் பேசவேண்டும். அதற்கு அதே அட்டவணையில் வீடியோ வாரியாகப் பிரித்துப் பார்த்தால் எந்த வீடியோவில் எத்தனை பேர் விலகினார்கள் என்று தெரியும்.

அதோடு இன்னொரு வேலையும் செய்யுங்கள். தேதியைப் பின்னால் தள்ளி, கடந்த ஒரு வருட வரைபடத்தைப் பாருங்கள். எங்காவது இரண்டு மூன்று நாளில் செங்குத்தாக ஏறியிருக்கிறதா, அந்த நாட்களில் பார்வைகளும் ஏறியிருக்கின்றனவா? சப்ஸ்கிரைபர் ஏறியிருக்கிறது, பார்வை ஏறவில்லை என்றால், இன்றைக்குப் போனவர்கள் வந்தது அந்த நாளில்தான். யார் யார் போனார்கள் என்ற பெயர்ப் பட்டியல் மட்டும் கிடைக்காது. யூடியூப் அதைக் காட்டுவதில்லை, திருப்பிக் கேட்க முறையீட்டு வழியும் இல்லை. நமக்குக் கிடைப்பது எண்ணிக்கையும் தேதியும்தான், பெரும்பாலும் அதுவே போதும்.

இதற்கு நேர்மாறாக, குற்றமே இல்லாமல் மெதுவாகச் சொட்டும் கசிவு ஒன்று உண்டு, அது நம் ஆட்களிடம் நிறைய. என் பெரியம்மா தோ பாயோவில் இருக்கிறார். கைப்பேசி மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய கடவுச்சொல் ஞாபகம் இருக்காது, கடைக்காரத் தம்பி ஒரு புது ஜிமெயில் திறந்து கொடுத்துவிடுவார். இப்போது அவருக்கு மூன்று கணக்கு. பிடித்த சேனலை மூன்றிலும் சப்ஸ்கிரைப் செய்திருக்கிறார், ஆக அந்தச் சேனலுக்கு என் பெரியம்மா மூன்று பேர். தங்கும் விடுதிகளில் இருக்கும் நம்மூர்த் தம்பிகளும் அப்படித்தான், ஊருக்குப் போய்த் திரும்பும்போது புதுக் கைப்பேசி, புதுக் கணக்கு. இரண்டு வருடம் யாரும் உள்ளே நுழையாத தனிநபர் கணக்கை நீக்கலாம் என்று கூகுள் 2023 மே மாதம் அறிவித்தது, அந்த வருடம் டிசம்பர் 1-க்குப் பிறகு அது நடைமுறைக்கு வந்தது. திறந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத கணக்குகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக நீக்குவோம் என்றார்கள். நீக்குவதற்கு முன் பலமுறை மின்னஞ்சல் அனுப்புவார்கள், ஆனால் அதே மறந்துபோன பெட்டிக்கு வரும் மின்னஞ்சலைப் பெரியம்மா எப்படிப் பார்ப்பார்? மீட்பு முகவரி கொடுத்திருந்தால் அதற்கும் வரும், அதையும் பெரும்பாலோர் கொடுத்திருக்கமாட்டார்கள். கணக்கு போனால் அதிலிருந்த சப்ஸ்கிரிப்ஷனும் போகும். கணக்கில் வீடியோ ஏற்றியிருந்தால் அதை நீக்கும் திட்டம் இல்லை என்று அந்த அறிவிப்பை ஒட்டியே சொன்னார்கள், ஆனால் உங்கள் பார்வையாளர்களில் வீடியோ ஏற்றியவர் எத்தனை பேர்?

அலுவலகம், பல்கலைக்கழகம் கொடுத்த கணக்குகள் வேறு கதை. அவற்றுக்கு இந்த இரண்டு வருட விதி கிடையாது, ஆனால் வேலையை விட்டாலோ படிப்பு முடிந்தாலோ அந்த நிறுவனமே கணக்கை மூடிவிடும். இந்தக் கசிவும் அந்த Closed accounts வரியில்தான் தெரியும். வித்தியாசம் வடிவத்தில் இருக்கிறது. வாரத்துக்கு ஒன்று, மூன்று, சில வாரம் ஒன்றுமில்லை என்று சொட்டினால் அது பெரியம்மாக்கள். ஒரே நாளில் மலையிலிருந்து விழுந்த மாதிரி இருந்தால் அது கூட்டமாகப் பிடிபட்டது. உங்களுடையது இரண்டாவது வகை.

இங்கே பலர் குழம்பிக்கொள்ளும் ஒன்று: சும்மா இருக்கும் கணக்கும் ஸ்பாமும் ஒன்றல்ல. உங்கள் சேனலைச் சப்ஸ்கிரைப் செய்துவிட்டு ஒரு வருடமாக எட்டிப் பார்க்காத நிஜ ஆளை யூடியூப் அதற்காக நீக்காது. அவர் எண்ணிக்கையில் இருந்துகொண்டேதான் இருப்பார். அதனால் "பார்க்காதவர்களை எடுத்துவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம், நிஜமாகவே பெரிதாக ஒன்றும் நடக்காமல் பார்ப்பதற்கு மட்டும் பயங்கரமாகத் தெரிவதும் உண்டு. 2019 செப்டம்பரிலிருந்து 1,000-க்கு மேல் போன சேனல்களுக்கு வெளியில் முதல் மூன்று இலக்கம்தான் காட்டுகிறார்கள், அதுவும் கீழ்நோக்கி. உங்கள் 1,186 வெளியாட்களுக்கு 1.18K என்றுதான் தெரிந்திருக்கும். 1,000-க்குக் கீழே வந்ததால் இப்போது 941 என்று முழு எண்ணாகத் தெரியும், அதனால்தான் தெரிந்தவர்கள் எல்லாரும் துக்கம் விசாரிக்கிறார்கள். ஒரு லட்சத்துப் பன்னிரண்டு பேர் வைத்திருக்கும் சேனலில் பதின்மூன்று பேர் விலகினால் 100K என்பது 99.9K ஆகிவிடும், நூறு பேர் போனதுபோல இருக்கும். எண்ணிக்கையைக் கண்காணிக்கும் வெளித்தளங்களும் இந்தச் சுருக்கிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்கின்றன. சரியான எண் உங்கள் Studio-வில் மட்டும்தான் இருக்கிறது.

விளம்பர வருமானம். விண்ணப்பிக்க 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும், கூடவே கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பொதுப் பார்வை, அல்லது 90 நாளில் ஷார்ட்ஸில் ஒரு கோடிப் பார்வை. விண்ணப்பிக்கும் நேரத்தில் 1,000 இருக்கவேண்டும், ஆகவே இன்றைக்கு நீங்கள் விண்ணப்பிக்க முடியாது, இன்னும் 59 பேர் வேண்டும். ஆனால் பார்வை மணி நேரத்தைப் பாருங்கள், அது அசைந்திருக்காது, ஏனென்றால் போனவர்கள் யாரும் எதையும் பார்த்ததே இல்லை. ஏற்கெனவே திட்டத்துக்குள் இருப்பவர்கள் எண்ணிக்கை குறைந்த மாத்திரத்தில் தானாக வெளியேற்றப்படுவதில்லை. ஆறு மாதமோ அதற்கு மேலோ சேனல் முடங்கிக் கிடந்தால்தான் எடுக்கும் உரிமையை யூடியூப் வைத்திருக்கிறது. ஸ்பாம் விகிதம் அதிகமாக இருந்து 1,000-க்குக் கீழே விழுந்த சேனல்களை 2018 டிசம்பர் சுத்தத்தில் வெளியேற்றினார்கள், திரும்ப நேர்வழியில் சேர்த்துவிட்டு விண்ணப்பியுங்கள் என்றார்கள். அதனால் 59 பேரைச் சீக்கிரம் சேர்க்கிறேன் என்று யாரிடமாவது காசு கொடுத்தீர்கள் என்றால், விண்ணப்பத்தை ஆட்கள் பரிசீலிக்கும் நேரத்தில் அந்தப் போலிக் கூட்டமும் சேனலில் இருக்கும். எண்ணிக்கையைப் போலியாக ஏற்றியதே விதிமீறல், அதற்கு நடவடிக்கை வரலாம். இப்போது நடந்த குறைப்பு தண்டனை இல்லை, ஸ்ட்ரைக்கும் இல்லை.

குலுக்கல் நடத்தியிருந்தால் அந்த மாதத்தைக் கண்டுபிடித்து, அதற்கு முன் உங்களுக்கு எத்தனை பேர் இருந்தார்கள், அதற்குப் பின் வழக்கமாக மாதத்துக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எழுதிப் பாருங்கள். அந்த வேகத்தில் 59-க்கு எத்தனை வாரம் என்று தெரிந்துவிடும். குலுக்கலில் வந்தவர்களில் இன்னும் பிடிபடாமல் கொஞ்சம் பேர் மிச்சம் இருப்பார்கள், அவர்களும் ஒருநாள் போவார்கள். அதனால் 1,000-ஐத் தொட்ட அன்றைக்கே விண்ணப்பிக்காமல் 1,050, 1,060 வரை பொறுங்கள். எங்கள் அமைப்பின் சேனலில் மிச்சமிருந்தவர்கள் அடுத்த ஒரு வருடம் ஐந்தும் பத்துமாகப் போய்க்கொண்டே இருந்தார்கள், கடைசியில் பழைய 700 சொச்சத்துக்கே வந்து நின்றது. அந்த 60 வெள்ளி ரசீது இன்னும் பொருளாளர் கோப்பில் "விளம்பரச் செலவு" என்ற தலைப்பில் இருக்கிறது.